x³ − 2-இன் பிளவுக் களம்: படி 6 எப்படி வருகிறது

x³ − 2 என்ற பல்லுறுப்புக்கோவையின் பிளவுக் களம் விகிதமுறு எண்களின் மேல் எத்தனை படி கொண்டது? இந்தக் கேள்விக்கு வழக்கமாக மூன்று விடைகள் வரும். பல்லுறுப்புக்கோவையின் படி 3 என்பதால் சிலர் 3 என்பார்கள். முதல் மூலத்துக்கு 3, அடுத்த மூலத்துக்கும் 3 என்று பெருக்கிச் சிலர் 9 என்பார்கள். சரியான விடை 6. ஆனால் 6 என்று சொல்பவர்களிலும் பலர் "3! = 6" என்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த மனப்பாடம் x³ − 8 வந்தவுடன் கைவிட்டுவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் 3 வருகிறது, எந்த இடத்தில் 2 வருகிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் சொற்கள். களம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், பூச்சியமல்லாத எண்ணால் வகுத்தல் நான்கும் வெளியே போகாமல் நடக்கும் எண்கூட்டம். வகுப்பறையில் ஃபீல்டு என்றே சொல்லிப் பழகியிருப்போம். விகிதமுறு எண்களின் களத்தை Q என்று எழுதுவோம். ஒரு பல்லுறுப்புக்கோவையின் எல்லா மூலங்களையும் Q-உடன் சேர்த்து, நான்கு செயல்களுக்கும் தேவையானதை மட்டும் உள்ளே விட்டால் கிடைக்கும் மிகச் சிறிய களம்தான் அதன் பிளவுக் களம், அதாவது ஸ்ப்ளிட்டிங் ஃபீல்டு. அங்கே போனால் பல்லுறுப்புக்கோவை முழுவதும் ஒருபடிக் காரணிகளாகப் பிளந்துவிடும். பெயர் அதனால் வந்ததுதான்.

படி என்பது வேறு ஒரு எண்ணிக்கை. பெரிய களத்தின் ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு விதமாக எழுத எத்தனை விகிதமுறு கெழுக்கள் வேண்டும் என்பதே Q-இன் மேல் அதன் படி. திசையன் வெளியின் பரிமாணம் என்று படித்தோமே, அதே கருத்துதான்.

மூலங்களை எழுதிக்கொள்வோம்

2-இன் மெய்யான கனமூலத்தை α என்போம். α = ∛2, ஏறத்தாழ 1.26. மற்ற இரண்டு மூலங்கள் கலப்பெண்கள். அவற்றை எழுத ஒன்றின் முப்படி மூலம் தேவை:

ω = (−1 + √−3) / 2

பள்ளிப் பாடத்தில் பார்த்த அதே ω. ω³ = 1, ω² + ω + 1 = 0 என்ற இரண்டு சமன்பாடுகளும் இந்த வழி முழுக்க நம்மோடு வரும். (αω)³ = α³ω³ = 2 என்பதால் αω ஒரு மூலம். αω²-உம் அப்படியே. ஆக மூலங்கள் α, αω, αω². கலப்பெண் தளத்தில் இவற்றைக் குறித்துப் பாருங்கள்: ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்டு, α ஆரமுள்ள வட்டத்தின் மேல் ஒரு சமபக்க முக்கோணம் கிடைக்கும். இந்தப் படத்தை மறக்க வேண்டாம், பின்னால் வேண்டியிருக்கும்.

பிளவுக் களத்தை L என்போம். மூன்று மூலங்களையும் சேர்க்க வேண்டும் என்பதால் L = Q(α, αω, αω²). இதையே L = Q(α, ω) என்று சுருக்கி எழுதலாம். α-உம் ω-உம் கையில் இருந்தால் பெருக்கி மூன்று மூலங்களையும் பெறலாம். மறுபக்கம், மூலங்கள் கையில் இருந்தால் αω-வை α-வால் வகுத்து ω-வைப் பெறலாம். இரண்டு திசையும் சரியாக இருப்பதால்தான் சமக்குறி போடுகிறோம். ஒரு திசையை மட்டும் சரிபார்த்துவிட்டுச் சமக்குறி போடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

முதல் ஏற்றம்: Q-இலிருந்து Q(α), படி 3

இங்கே படி 3 என்று சொல்ல, x³ − 2 விகிதமுறு கெழுக்களுடன் சிறிய காரணிகளாக உடையாது என்று காட்ட வேண்டும். முப்படிக் கோவை உடைந்தால் அதில் ஒருபடிக் காரணி ஒன்றாவது கட்டாயம் இருக்கும், அதாவது ஒரு விகிதமுறு மூலம் இருக்கும். அந்த மூலம் p/q என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது p³ = 2q³. இரண்டு பக்கத்திலும் எத்தனை 2-கள் காரணியாக இருக்கின்றன என்று எண்ணுவோம். இடப்பக்கம் கனம் என்பதால் 2-களின் எண்ணிக்கை 3-இன் மடங்கு. வலப்பக்கம் 3-இன் மடங்கோடு ஒன்று கூடுதல். இரண்டும் சமமாக முடியாது. ஆகவே விகிதமுறு மூலம் இல்லை, கோவை உடையாது.

"மூலம் இல்லை, அதனால் உடையாது" என்ற வாதம் இருபடி, முப்படிக் கோவைகளுக்கு மட்டுமே செல்லும். நாற்படிக்கு அது தவறு: x⁴ + 4-க்கு விகிதமுறு மூலம் கிடையாது, ஆனாலும் (x² + 2x + 2)(x² − 2x + 2) என்று உடைகிறது. உயர்ந்த படிகளுக்கு ஐசன்ஸ்டைன் சோதனை போன்ற வேறு கருவி வேண்டும். x³ − 2-க்கு அதுவும் p = 2 என்று வைத்து ஒரே வரியில் முடிந்துவிடும்.

சரி, உடையாது என்பதிலிருந்து படி 3 எப்படி வருகிறது? α³ = 2 என்பதால் α-வின் எந்த உயர்ந்த அடுக்கையும் 1, α, α² மூன்றுக்குள் இறக்கிவிடலாம். α⁴ = 2α, α⁵ = 2α² என்று போகும். ஆக மூன்று போதும். மூன்றும் தேவையா? a + bα + cα² = 0 என்று, எல்லாம் பூச்சியமாக இல்லாத விகிதமுறு எண்கள் இருந்தால், α-வை மூலமாகக் கொண்ட, படி அதிகபட்சம் 2 உள்ள ஒரு கோவை கிடைக்கும். அதற்கும் x³ − 2-க்கும் பொதுவான மூலம் இருப்பதால் மாறிலி அல்லாத மீப்பெரு பொதுக் காரணி ஒன்று இருந்தாக வேண்டும். அது x³ − 2-ஐ உடைக்கும். உடையாது என்று இப்போதுதான் காட்டினோம். எனவே மூன்றும் தேவை, [Q(α) : Q] = 3.

வகுத்தல் நடக்குமா என்ற சந்தேகம் பலருக்கு இங்கே வரும். 1/(1 + α) எப்படி a + bα + cα² வடிவத்துக்கு வரும்? α³ + 1 = 3 என்பதைக் காரணிப்படுத்துங்கள்: (α + 1)(α² − α + 1) = 3. ஆகவே

1/(1 + α) = (1 − α + α²) / 3

எண்ணிலும் சரிபார்க்கலாம். இடப்பக்கம் 1/2.26, ஏறத்தாழ 0.442. வலப்பக்கம் (1 − 1.26 + 1.587)/3, அதுவும் 0.442.

இரண்டாவது ஏற்றம்: Q(α)-இலிருந்து L, படி 2

3 என்று விடை எழுதுபவர்கள் நின்றுவிடும் இடம் இதுதான். ஒரு மூலத்தைச் சேர்த்தோம், மற்றவை தானாக வந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். சில முப்படிக் கோவைகளுக்கு உண்மையிலேயே அப்படி வரும். x³ − 3x + 1 அப்படிப்பட்டது. அதன் ஒரு மூலத்தைச் சேர்த்தாலே மற்ற இரண்டும் உள்ளே இருக்கும், படி 3-லேயே நின்றுவிடும். ஆனால் நமக்கு அப்படி இல்லை. காரணம் எளியது: Q(α)-இல் இருப்பவை அத்தனையும் a + bα + cα² வடிவம், அத்தனையும் மெய்யெண்கள். αω மெய்யெண் அல்ல. ஆகவே அது Q(α)-க்குள் இருக்க வழியே இல்லை.

இப்போது Q(α)-இல் நின்றுகொண்டு x³ − 2-ஐ மறுபடி பாருங்கள். ஒரு மூலம் கையில் இருப்பதால் ஒரு காரணி வெளியே வந்துவிடும்:

x³ − 2 = x³ − α³ = (x − α)(x² + αx + α²)

மிச்சமிருப்பது ஓர் இருபடிக் கோவை. அதன் தன்மைகாட்டி α² − 4α² = −3α². இது குறை எண். Q(α)-இல் மெய்யெண்கள் மட்டுமே இருப்பதால் −3α²-க்கு அங்கே வர்க்கமூலம் கிடையாது. ஆக இருபடிக் கோவை அங்கே உடையாது. அதன் ஒரு மூலமான αω-வைச் சேர்த்தால் படி 2 கூடுகிறது. சேர்த்தவுடன் மூன்றாவது மூலமும் வந்துவிடும், ஏனென்றால் x² கெழு பூச்சியம் என்பதால் மூன்று மூலங்களின் கூட்டல் பூச்சியம்: αω² = −α − αω.

−3α²-இன் வர்க்கமூலம் α√−3. α ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆக புதிதாக வருவது √−3 மட்டுமே, அதுதான் ω-வில் இருப்பதும். மூலங்களை எழுதும்போது ω வந்ததும் இங்கே தன்மைகாட்டியில் √−3 வந்ததும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள்.

3 × 2 ஏன் பெருக்க வேண்டும்

கோபுர விதி என்று ஒரு பெயர் சொல்லிப் பெருக்கிவிடலாம். ஆனால் இங்கே அதை நேரடியாகவே பார்க்க முடியும். L-இன் ஒவ்வோர் எண்ணும் u + vω வடிவம். u, v இரண்டும் Q(α)-இல் இருப்பவை. ஒவ்வொன்றையும் எழுத மூன்று விகிதமுறு எண்கள் வேண்டும். ஆக மொத்தம் ஆறு:

1, α, α², ω, αω, α²ω

இந்த ஆறும் ஒன்றையொன்று சாராதவை. இவற்றின் ஒரு சேர்க்கை பூச்சியமானால் u + vω = 0. v பூச்சியமில்லை என்றால் ω = −u/v என்று Q(α)-க்குள் வந்துவிடும், அது முடியாது. ஆகவே v = 0, அப்புறம் u = 0. பிறகு 1, α, α² மூன்றும் சாராதவை என்பதால் எல்லாக் கெழுக்களும் பூச்சியம். L-க்கு இந்த ஆறும் பேசிஸ். [L : Q] = 6.

இந்த ஆறில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை வரும். (α + ω)² என்ன? விரித்தால் α² + 2αω + ω². ω²-க்கு −1 − ω-வைப் போடுங்கள்: −1 + α² − ω + 2αω. ஆறு கெழுக்கள் வரிசையாக −1, 0, 1, −1, 2, 0. எந்தப் பெருக்கலும் இப்படி α³ = 2, ω² = −1 − ω என்ற இரண்டு விதிகளால் ஆறுக்குள் அடங்கிவிடும். பட்டியலில் ω² இல்லையே என்று அதையும் சேர்த்து எழுதினால் ஒன்பது உறுப்புகள் வந்துவிடும். ஆனால் அவை சாராதவை அல்ல, 1 + ω + ω² = 0 அவற்றைக் கட்டிப்போடுகிறது.

9 எங்கே தவறுகிறது

9 என்ற விடையை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. அதன் பின்னால் இருக்கும் எண்ணம் நியாயமாகவே தெரியும். Q(α) படி 3. Q(αω)-உம் படி 3, ஏனென்றால் αω-வும் அதே உடையாத கோவையின் மூலம். இரண்டுக்கும் பொதுவான பகுதி என்ன? அது Q(α)-க்குள் இருக்கும் ஒரு களம், எனவே அதன் படி 3-ஐ வகுக்க வேண்டும்: 1 அல்லது 3. 3 என்றால் இரண்டு களங்களும் ஒன்றே என்றாகும். ஆனால் ஒன்றில் மெய்யெண்கள் மட்டும், இன்னொன்றில் மெய்யல்லாத αω. ஆகவே படி 1, பொதுவானது Q மட்டும்.

அப்படியானால் பொதுவாக எதுவும் இல்லாத இரண்டு படி-3 களங்களைச் சேர்த்தால் 9 வர வேண்டாமா? வர வேண்டியதில்லை. பொதுப் பகுதி Q மட்டும் என்பது படிகளைப் பெருக்கப் போதுமான காரணம் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: Q(α)-இல் நின்று பார்க்கும்போது αω எத்தனை படிக் கோவையின் மூலம்? Q-இல் நின்று பார்த்தால் 3. ஆனால் Q(α)-க்கு வந்தவுடன் x³ − 2 ஏற்கெனவே உடைந்துவிட்டது, αω இப்போது x² + αx + α²-இன் மூலம். படி 3-இலிருந்து 2-ஆகக் குறைந்துவிட்டது. ஒவ்வொரு மூலத்தைச் சேர்த்தபிறகும் மிச்சக் கோவையைப் புதிய களத்தில் வைத்து மறுபடி காரணிப்படுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். முப்படிக் கோவைக்கு மிச்சங்கள் அதிகபட்சம் 3, 2, 1 என்று இறங்குவதால் படி 6-ஐத் தாண்டவே முடியாது. உங்கள் விடை 6-ஐத் தாண்டினால் எங்கோ பழைய களத்தின் கோவையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

பெருக்கலாம் என்று கண்ணை மூடிச் சொல்லத்தக்க ஒரு நிலை உண்டு: இரண்டு படிகளுக்கும் பொதுக் காரணி இல்லாதபோது. இதை வைத்தே விடையை வேறு வழியில் சரிபார்க்கலாம். முதலில் ω-வைச் சேருங்கள். அதன் கோவை x² + x + 1, படி 2. L-க்குள் Q(ω)-உம் Q(α)-உம் இருப்பதால் [L : Q]-ஐ 2-உம் வகுக்கும், 3-உம் வகுக்கும். ஆகவே 6 வகுக்கும். மறுபக்கம் அது 6-ஐத் தாண்டாது. விடை 6. இந்த வழியில் "மெய்யெண்" என்ற வாதமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். Q(ω)-இன் மேல் x³ − 2 உடையாது என்பதும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரே எண்ணால் முழுக் களத்தையும் பிடிக்கலாம்

இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. α, ω என்று இரண்டு எண்களைச் சேர்த்து L-ஐக் கட்டினோம். ஒரே ஒரு எண் போதுமா? முக்கோணப் படத்துக்குத் திரும்புங்கள். அதன் ஒரு பக்கத்தை எடுப்போம்:

δ = α − αω = α(1 − ω)

இதன் கனத்தைக் கணக்கிடுவோம். (1 − ω)² = 1 − 2ω + ω². 1 + ω² = −ω என்பதால் இது −3ω. மீண்டும் 1 − ω-வால் பெருக்கினால் (1 − ω)³ = −3ω + 3ω² = −3(ω − ω²). ω − ω² என்பது √−3. எனவே

δ³ = 2 × (−3√−3) = −6√−3
δ⁶ = 36 × (−3) = −108

δ என்பது x⁶ + 108-இன் மூலம்! இப்போது Q(δ)-க்குள் என்ன இருக்கிறது? δ³ உள்ளே இருப்பதால் √−3 உள்ளே, அதனால் ω உள்ளே, அப்புறம் α = δ/(1 − ω)-உம் உள்ளே. ஆக Q(δ) = L. முக்கோணத்தின் ஒரு பக்கம் முழுக் களத்தையும் உருவாக்குகிறது. அளவை வைத்தும் சரிபார்க்கலாம்: α ஆரமுள்ள வட்டத்துக்குள் சமபக்க முக்கோணத்தின் பக்க நீளம் α√3. அதன் ஆறாம் அடுக்கு 4 × 27 = 108. மூன்று பக்கங்களையும் இரண்டு திசைகளிலும் எடுத்தால் ஆறு எண்கள், அவைதான் x⁶ + 108-இன் ஆறு மூலங்கள்.

x⁶ + 108 உடையாது என்பதை நேரடியாகக் காட்டப் போனால் சிரமம். 108 = 2² × 3³ என்பதால் ஐசன்ஸ்டைன் சோதனை 2-க்கும் ஒத்துவராது, 3-க்கும் ஒத்துவராது. ஆனால் நமக்கு அது தேவையில்லை. Q(δ)-இன் படி 6 என்று ஏற்கெனவே தெரியும். δ-வின் கோவைக்கு 6-ஐ விடக் குறைந்த படி இருக்க முடியாது, ஆக x⁶ + 108 உடையாது. படிக் கணக்கு இப்படித் திரும்பி வந்து காரணிப்படுத்தல் கேள்வியைத் தீர்த்துவைக்கும்.

கணினியில் பார்க்க விரும்பினால் PARI/GP என்ற கணித மென்பொருளில் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
poldegree(nfsplitting(x^3 - 2))
polisirreducible(x^6 + 108)
```

முதல் வரி 6 தரும். இரண்டாவது 1 தரும், அதாவது உடையாது.

2-க்குப் பதில் வேறு எண் வந்தால்

x³ − a என்ற கோவையில் a பூச்சியமல்லாத விகிதமுறு எண். முதலில் கேட்க வேண்டியது, a ஒரு விகிதமுறு எண்ணின் கனமா என்பதுதான். இல்லை என்றால் மேலே செய்த அத்தனையும் அப்படியே செல்லும், படி 6. கனம் என்றால் முதல் ஏற்றம் மறைந்துவிடும். x³ − 8-ஐப் பாருங்கள்: (x − 2)(x² + 2x + 4). மிச்சத்தின் தன்மைகாட்டி 4 − 16 = −12, அதன் வர்க்கமூலம் 2√−3. சேர்க்க வேண்டியது √−3 மட்டும், படி 2. பிளவுக் களம் Q(ω). x³ − 27/8-க்கும் இதே களம்தான். √−3 எல்லா நிலையிலும் வந்தே தீரும் என்பதால் x³ − a-க்குப் படி 3 ஒருபோதும் வராது. 6 அல்லது 2, அவ்வளவுதான்.

வெவ்வேறு a-க்கள் ஒரே களத்தைத் தருவதும் உண்டு. x³ − 16-இன் மெய்மூலம் 2α, x³ − 4-இன் மெய்மூலம் α². மூன்றுக்கும் L ஒன்றே. a கனமா என்று பார்க்கும்போது 16 = 2⁴, அடுக்கு 4 மூன்றால் வகுபடாது என்று காரணிகளை எழுதிப் பார்ப்பது பாதுகாப்பானது. குறை எண்ணும் கனமாகலாம் என்பதையும் மறக்கக் கூடாது: x³ + 27-க்கு a = −27 = (−3)³, ஆகவே அதன் படி 2.

கடைசியாக, "Q-இன் மேல்" என்ற சொற்களைக் கேள்வியில் தேடிப் பாருங்கள். அடிக்களம் மாறினால் விடையும் மாறும். அதே x³ − 2-க்கு Q(ω)-இன் மேல் படி 3, ஏனென்றால் √−3 ஏற்கெனவே இருக்கிறது. Q(α)-இன் மேல் படி 2. மெய்யெண்களின் மேல் பார்த்தாலும் படி 2-தான், அங்கே பிளவுக் களம் கலப்பெண் களம் முழுவதும்.